பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கங்கள்: முரசுமோட்டையில் ஒரு வீட்டுக்கு ரைல்ஸ் வாங்கிய கதை

முரசுமோட்டையில் என் பெரியம்மாவின் மகள் வீட்டு விறாந்தையால் உள்ளே போனால் ஹோல் வரும். காலை எட்டு மணிக்கு யன்னலால் வெயில் விழும்போது அந்த ஹோலின் தரையில் ஒரு கோடு தெரியும். நடுவில் முழுவதும் வெள்ளை சார்ந்த சாம்பல் நிறம், யன்னல் சுவரோரமாக மட்டும் சற்று மஞ்சள் கலந்த நிறம். மத்தியானத்துக்குப் பிறகு அது அவ்வளவாகத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் எந்த நேரமும் தெரியும். "வாற ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனா கூட்டும்போது எனக்கு உது கண்ணுக்கை குத்துது" என்பார்.

அவருடைய வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அந்தப் பெரிய கட்டத்தில், சொந்தக் காணியில் தாங்களே நின்று கட்டும் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டின் அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அந்தக் காசில் கட்டிய வீடுகளுக்குச் சீமெந்துத் தரைதான் இருந்தது. அக்காவின் வீட்டுக்கும் அதுதான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்து போன பிறகு அந்தத் தரை ஆங்காங்கே வெடித்துப் பொருக்குப் பொருக்காக எழும்பியது. பல வருடம் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசோடு, முதலில் ஹோலுக்கு ரைல்ஸ் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் ஊரில் பலர் இதை மாபிள் என்றுதான் சொல்வார்கள். சொல்வதற்கு அழகாக இருந்தாலும், வாங்குவது சுட்ட மண்.

நான் அந்தக் கொள்வனவுக்குக் கூடப் போனவள். அங்கே நடந்த பிழைகள் எல்லாம் பிறகுதான் விளங்கின. இதே மாதிரி வீடுகளில், இதே மாதிரி துண்டு துண்டாக வரும் காசில் தரை போடப் போகிறவர்களுக்காக அதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

ஹோலின் உள் அளவு பதினாலரை அடிக்குப் பன்னிரண்டரை அடி. பெருக்கினால் 181 சதுர அடியும் கொஞ்சமும். கடையில் அக்கா தெரிவுசெய்தது "ரண்டுக்கு ரண்டு" ரைல். ஒரு பெட்டியில் நாலு. கடைக்காரர் கல்குலேற்றரைத் தட்டினார். ஒரு ரைல் நாலு சதுர அடி, ஒரு பெட்டி பதினாறு, 181ஐப் பதினாறால் பிரித்தால் பதினொன்று புள்ளி சொச்சம். "பன்ரண்டு பெட்டி காணும் அக்கா, மிஞ்சும்" என்றார். நாங்களும் அப்படியே நம்பி ஏற்றிக்கொண்டு வந்தோம்.

முதல் பிழை அந்தப் பதினாறில் இருந்தது. இரண்டடி ரைல் என்று நாங்கள் சொல்வது உண்மையில் 60 சென்ரிமீற்றர் ரைல். இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 61 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் அது நீளத்திலும் குறைகிறது, அகலத்திலும் குறைகிறது. ஒரு ரைல் மூடும் பரப்பு நாலு சதுர அடி அல்ல, 3.875 சதுர அடி. ஒரு பெட்டி மூடுவது 15.5 சதுர அடி. பெட்டியின் பக்கத்தில் 1.44 சதுர மீற்றர் என்று அச்சடித்திருக்கும். அதை 10.76ஆல் பெருக்கிப் பார்த்தால் இந்த 15.5 வரும். முப்பத்திரண்டு பெட்டி வாங்குகிறவர் பதினாறு என்று கணக்குப் போட்டால் ஒரு பெட்டி முழுதாகக் குறையும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அடிக்கணக்கில் பழகியவர், நாங்களும் அடிக்கணக்கில் கேட்டவர்கள். ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் இடத்தில், பெட்டியை எத்தனை சதுர அடி என்று பிடித்துக் காசு கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். பதினாறுக்குக் காசு கொடுத்துப் பதினைந்தரையை வாங்கி வருவது நடக்கக்கூடியது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. அது கடையில் நடந்ததல்ல, எங்கள் தலைக்குள் நடந்தது. பரப்பைப் பரப்பால் பிரித்தால் ரைல் எண்ணிக்கை வரும் என்று நினைத்தோம். ரைல் தண்ணீர் மாதிரி ஊற்றிப் பரப்புகிற பொருள் அல்ல. சுவரில் முட்டும் இடத்தில் வெட்டவேண்டும். வெட்டிய மிச்சம் இன்னொரு இடத்துக்குப் பொருந்தினால்தான் அது மிச்சம், பொருந்தாவிட்டால் கழிவு.

மேசன் வந்து முதல் நாள் நூல் பிடித்தார். இரண்டு ரைல்களுக்கு இடையே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடுகிறவர் அவர். ஆக ஒரு ரைலுக்கு 60.3 சென்ரிமீற்றர். பதினாலரை அடி என்பது 442 சென்ரிமீற்றர். ஏழு முழு ரைல் வைத்தால் 422 போகும், இருபது சென்ரிமீற்றர் மிஞ்சும். பன்னிரண்டரை அடிப் பக்கம் ஆறு முழு ரைல் வைத்தால் அங்கேயும் ஏறத்தாழ இருபது மிஞ்சும். இப்போது அவருக்கு இரண்டு வழி இருந்தது.

ஒரு வழி, ஒரு மூலையில் முழு ரைலோடு தொடங்கி, எதிர்ச் சுவர்களில் இருபது சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளை வைப்பது. ஒரு ரைலை மூன்று துண்டாக வெட்டலாம். முழு ரைல் 42, துண்டுகளுக்கு ஐந்து, ஆக 47. மற்ற வழி, ஹோலின் நடுவில் இருந்து தொடங்கி, நான்கு சுவரோரமும் ஒரே அளவான துண்டுகள் வரும்படி வைப்பது. பார்வைக்கு அதுதான் ஒழுங்கு, வாசலில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் சமனாக இருக்கும். அப்போது ஒரு பக்கம் ஆறு முழு ரைலும் இரு ஓரத்திலும் நாற்பது சென்ரிமீற்றர் துண்டும், மறுபக்கம் ஐந்து முழு ரைலும் இரு ஓரத்திலும் நாற்பது சென்ரிமீற்றர் துண்டும் வரும். நாற்பது என்பது ரைலின் பாதியைவிடக் கூட. ஒரு ரைலில் இருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு, ஆக 56.

ஒரே அறைதான், ஒரே ரைல்தான். தொடங்கும் இடத்தை மாற்றினால் 47, 56 என்று கணக்கு மாறுகிறது. எங்கள் கையில் இருந்தது 48.

மேசன் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வடிவாக வரவேண்டும் என்று நடுவில் இருந்து தொடங்கினார். ஒரு ரைல் மூலை உடைந்து வந்திருந்தது. ஒன்று வெட்டும்போது கீறல் ஓடிப் பிளந்தது. மிஞ்சிய 46இல் முப்பது நடுவுக்குப் போனது. ஓரத்துக்கு வேண்டிய 26இல் பதினாறுதான் இருந்தது. பத்து ரைல் குறைந்தது.

இங்கே பத்து வீதம் கூட வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்லும் விதியைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் அந்த விதியைப் பின்பற்றியிருந்தால்கூடத் தப்பியிருக்கமாட்டோம். 181உடன் பத்து வீதம் சேர்த்து 15.5ஆல் பிரித்தால் பதின்மூன்று பெட்டி, அதாவது 52 ரைல். வேண்டியது 56. பத்து வீதம் என்பது பெரிய மண்டபங்களுக்கும் சிறிய ரைல்களுக்கும் ஒத்துவரும். எங்கள் வீடுகளின் அறைகள் சிறியவை, இப்போது வரும் ரைல்கள் பெரியவை. ஒரு சுவருக்கு ஏழெட்டு ரைல்தான் வரும் இடத்தில், ஓரம் எப்படி விழுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அதே வீட்டின் படுக்கையறையை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பத்தடிக்குப் பத்தடி, அதாவது 305 சென்ரிமீற்றர். ஐந்து ரைல் வைத்தால் 301 போகும். மூன்று, மூன்றரை சென்ரிமீற்றர் மிஞ்சும். நடுவாக வைத்தால் ஒவ்வொரு சுவரோரமும் ஒன்றரை சென்ரிமீற்றர் சொச்சம்தான் வெறுமையாக இருக்கும். சுவரடியில் நிறுத்தி ஒட்டும் ஸ்கேட்டிங் துண்டும் அதன் பின்னால் வரும் சாந்துமாகச் சேர்ந்து அந்த அளவு தடிப்பு வந்துவிடும். ஓரத்தில் இடைவெளி இருப்பதும் நல்லது. வெயிலில் சூடேறித் தரை விரியும்போது அதற்கு இடம் வேண்டும். இடம் இல்லாமல் சுவரோடு இறுக்கிப் பதித்த தரைகள்தான் ஒருநாள் நடுவில் கூடாரம் மாதிரிக் கிளம்புகின்றன. ஆக அந்த அறைக்கு ஒரு வெட்டும் இல்லாமல் 25 ரைல் போதும். ஏழு பெட்டி வாங்கினால் மூன்று மிஞ்சும். பத்து வீத விதிப்படி போனால் எட்டுப் பெட்டி வாங்கியிருப்போம். ஹோலுக்குக் குறையச் சொன்ன அதே விதி இங்கே கூடச் சொல்கிறது.

எனவே செய்யவேண்டியது ஒன்றுதான். கடைக்குப் போக முதல் மேசனைக் கூப்பிட்டு, சாந்து பூசிய சுவரில் இருந்து சுவருக்கு இரண்டு மூன்று இடத்தில் சென்ரிமீற்றரில் அளந்து, கட்டக் கொப்பித் தாளில் ஒரு கட்டம் ஒரு ரைல் என்று கீறிப் பார்ப்பது. எங்கேயிருந்து தொடங்குகிறார் என்று அவர் சொல்லவேண்டும். வாசலில் இருந்து முழு ரைல் தெரியட்டும், பின்சுவரில் அலுமாரிக்குக் கீழே துண்டு போகட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லலாம். கீறிய பிறகு கட்டங்களை எண்ணினால் அதுதான் எண்ணிக்கை. அதற்கு மேலே உடைவுக்கென்று அறைக்கு இரண்டு, மூன்று ரைல்.

வெட்டிய மிச்சத்தையும் அந்தத் தாளிலேயே பார்க்கலாம். எங்கள் ஹோலில் நடுவில் இருந்து தொடங்கியதால் 56 போனது உண்மை. ஆனால் ஓர ரைல் ஒவ்வொன்றிலும் அறுபது நீளம் இருபது அகலத்தில் ஒரு மிச்சம் விழுந்தது. ஸ்கேட்டிங் பத்து சென்ரிமீற்றர் உயரம். வாசல்களைக் கழித்தால் ஹோலுக்கு 23 துண்டு வேண்டியிருந்தது. மிச்சத்துண்டு 26 கிடைத்தது. அவற்றில் தொழிற்சாலை விளிம்பு இருக்கும் பக்கத்தை மேலே வைத்தால் வெட்டு வாய் கீழே மறைந்துவிடும். 47 ரைலில் முடித்திருந்தால் ஸ்கேட்டிங்குக்கு என்று தனியாக இன்னும் ஐந்து ரைலை வெட்டியிருக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் வடிவான வழிக்கும் சிக்கனமான வழிக்கும் உண்மையான வித்தியாசம் நாலு ரைல், ஒரு பெட்டி. இதை முதலே தெரிந்திருந்தால் அக்கா கட்டாயம் பதினைந்து பெட்டி வாங்கியிருப்பார்.

குறைந்த பத்து ரைலுக்காக மூன்று பெட்டி வாங்க இரண்டு கிழமைக்குப் பிறகு அதே கடைக்குப் போனோம். அதே கொம்பனி, அதே பெயர், அதே இலக்கம். வீட்டுக்குக் கொண்டுவந்து பழையதுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் அந்த மஞ்சள் தெரிந்தது.

ரைல் என்பது களிமண்ணும் மணலும் வேறு தாதுப்பொடிகளும் அரைத்து அழுத்தி, மேலே பூச்சுப் பூசி, ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் சுடுவது. ஒரு தடவை அரைத்த மண்ணுக்கும் அடுத்த தடவை அரைத்த மண்ணுக்கும் இரும்புச் சத்து கொஞ்சம் மாறும். சூளையின் சூடு சில பாகை கூடிக் குறையும். இந்தச் சிறிய மாற்றங்களில் நிறம் ஒரு படி மாறிவிடும். ஒரே பானைச் சோறு என்று சொல்ல முடியாது. தொழிற்சாலைக்கும் இது தெரியும். அதனால்தான் சுட்டு வந்ததைப் பார்த்துப் பிரித்து, பெட்டியின் பக்கத்தில் ஷேட் என்றோ ரோன் என்றோ ஓர் இலக்கமோ எழுத்தோ அடிக்கிறார்கள். டிசைன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த ஷேட் இலக்கம் பெரும்பாலும் சிறிய கறுப்பு மையில், முத்திரை குத்தியது போல இருக்கும். நாங்கள் பெயரைப் பார்த்தோம், முத்திரையைப் பார்க்கவில்லை. பழைய பெட்டிகளோ, ஒன்றைக் கோழிக்கூட்டுக்கு வைத்து மற்றவற்றை எரித்தாகிவிட்டது. கோழிக்கூட்டுப் பெட்டியில் இலக்கம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வேறு சூளை என்று உறுதியானது.

அந்த முத்திரைக்குப் பக்கத்தில் கலிபர் என்றோ சைஸ் என்றோ இன்னோர் இலக்கம் இருக்கும். சுடும்போது ரைல் சுருங்கும். ஒவ்வொரு சூட்டிலும் சுருக்கம் ஒரே மாதிரி வராது. அதனால் 60 என்று சொல்லும் ரைல் ஒன்று 59.9 ஆகவும் மற்றது 60.0 ஆகவும் இருக்கலாம். ஒரு மில்லிமீற்றர்தான். ஆனால் எட்டு ரைல் வரிசையில் கடைசியில் எட்டு மில்லிமீற்றர் தள்ளிப்போகும். இடைவெளியே மூன்று மில்லிமீற்றர் விடுகிற தரையில் அது கோடு முறிந்த மாதிரித் தெரியும். அக்காவின் யன்னலோர வரிசையில் இதுவும் நடந்தது. நடு ரைல்களின் கோடு நேராக வந்து, கடைசி வரிசையில் காலடி மாறிய மாதிரி விலகி நிற்கிறது. நிறம் மாறினதைவிட மேசனுக்கு அதுதான் கோபம். "நிறத்தை நான் என்ன செய்யிறது? ஆனா உந்தக் கோட்டைப் பாக்கிறவன் என்னைத்தான் பேசுவான்" என்றார்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு வேறு பெட்டியில் இருந்து ஒவ்வொரு ரைல் எடுத்து, முகத்தோடு முகம் சேர்த்து நிமிர்த்தி, ஒரு பக்கத்தைத் தரையில் சமனாக முட்டவிட்டு, மேல் விளிம்பில் நகத்தை ஓட்டினால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்கூட நகத்தில் தட்டும். முகத்தோடு முகம் வைத்திருக்கும்போதே நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ரைல் வளைந்திருக்கிறது. நிறத்துக்கு, கடைக்குள் இருக்கும் மின்விளக்கை நம்பக்கூடாது. நாலைந்து பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே நிழலான பகல் வெளிச்சத்தில் தரையில் அடுக்கி, ஓர் ஆள் நீளம் தள்ளி நின்று பார்க்கவேண்டும். கிட்டப் போனால் தெரியாத வித்தியாசம் தள்ளி நின்றால் தெரியும். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, பதித்த பிறகு அவர் திருப்பி எடுக்கமாட்டார். பல கடைகளின் பில்லிலும் பெட்டியிலும் பதித்த பின் முறைப்பாடு ஏற்கப்படாது என்றே எழுதியிருக்கும்.

குறைந்த பத்து ரைலோடு நின்றபோது வேறு வழி இருந்ததா என்று பிறகு பரந்தனில் வேலை செய்யும் வயதான ஒரு மேசனிடம் கேட்டேன். முப்பது வருடமாக நிலம் போடுகிறவர். தரைக்கு நிலம் என்ற சொல்லைத்தான் பாவிக்கிறார். படத்தைக் கீறிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை, நடு முப்பதும் வைச்ச உடனை நிப்பாட்டியிருக்க வேணும். ஓரம் இருவத்தாறையும் புதுப் பெட்டியிலை வைச்சிருந்தா, நாலு பக்கமும் சுத்தி ஒரு கரை அடிச்ச மாதிரி இருந்திருக்கும். ஆக்கள் வேணுமெண்டு செய்த டிசைன் எண்டு நினைப்பினம். பழசிலை மிஞ்சின பதினாறையும் சாமியறைக்குப் போட்டிருக்கலாம்."

ஏழு பெட்டி புதிதாக வாங்கவேண்டி வந்திருக்கும், ஆனால் ஒன்றும் வீண்போயிருக்காது. பாதி ஓரம் பழையதில் பதித்து முடித்த பிறகு இது சரிவராது. வெட்டு வரிசை தொடங்க முதல் கையில் இருப்பதை எண்ணிப் பார்க்கும் மேசன் கிடைத்தால் வீட்டுக்காரர் அதிர்ஷ்டசாலி.

ஷேட் பிரச்சினை எங்கள் ஊர்களில் கொழும்பைவிடக் கூடுதலாக வருவதற்குக் காரணம் காசு வரும் விதம். வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வந்தது. அதற்குப் பிறகும் நெல்லு வித்த காசு, சீட்டுக் காசு, வெளிநாட்டில் இருந்து வரும் காசு என்று எல்லாம் கட்டம் கட்டமாகத்தான். இந்த வருடம் ஹோல், அடுத்த போகம் அறை என்று போடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே சூளைப் பெட்டி இருக்காது. சில நேரம் அந்த டிசைனே இருக்காது. 2020இல் அந்நியச் செலாவணிப் பிரச்சினையால் இறக்குமதி நிறுத்தப்பட்ட பொருட்களில் ரைல்ஸும் இருந்தது. அப்போது பாதியில் நின்ற தரைகளை வன்னியில் நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் துண்டு துண்டாகப் போடுகிறவர்கள் பிரிக்கவேண்டிய இடம் வாசற்படி. ஓர் அறைக்கு வேண்டிய முழுவதையும், ஸ்கேட்டிங்கும் உடைவும் சேர்த்து, ஒரே நாளில் ஒரே ஷேட்டில் வாங்கவேண்டும். ஹோலுக்குப் பாதி, அறைக்குப் பாதி என்று வாங்கக்கூடாது. வாசல் நிலைக்குக் கீழே கதவின் தடிப்பளவுக்கு ஒரு கருங்கல் பட்டியோ வேறு நிற ரைல் பட்டியோ வைத்தால், அதற்கு அப்பால் அடுத்த வருடம் எந்த ஷேட் வந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. கதவு மூடியிருக்கும், வெளிச்சமும் வேறு பக்கத்தால் வரும். அக்கா படுக்கையறைகளை இப்படித்தான் செய்தார். முதல் அறைக்கும் இரண்டாவது அறைக்கும் ஷேட் வேறு. எனக்குச் சொல்லித்தான் தெரியும்.

டிசைனும் உதவும். ஒரே வெற்று நிறத்தில் வரும் ரைலில் சின்ன மாற்றமும் தெரியும். கல் மாதிரி, மரம் மாதிரி ஒவ்வொன்றிலும் கோடும் புள்ளியும் மாறி மாறி வரும் ரைலில் அடுத்த சூளையின் மாற்றமும் அந்தக் கலப்புக்குள் போய்விடும். சில பெட்டிகளில் வி 1 முதல் வி 4 வரை ஒரு குறி இருக்கும். வி 1 என்றால் எல்லாம் ஒரே மாதிரி, வி 4 என்றால் ஒன்றுக்கொன்று நன்றாக மாறும். கட்டம் கட்டமாகப் போடுகிறவருக்கு வி 3 சௌகரியம். எதுவாக இருந்தாலும் பதிக்கும்போது ஒரு பெட்டியை முடித்து அடுத்ததை உடைக்காமல், மூன்று நாலு பெட்டியைத் திறந்து மாறி மாறி எடுத்து வைக்கச் சொல்லவேண்டும். பெட்டிக்குப் பெட்டி சிறு மாற்றம் இருந்தாலும் அப்போது கலந்துவிடும், பட்டையாக நிற்காது.

மலிவு விற்பனைக் கடைகளில் லொட் என்று குவித்து வைத்திருப்பதையும் நான் தள்ளிவிடமாட்டேன். கழிவறை, கோடி, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து அறை இவற்றுக்கு அது போதும். ஆனால் அங்கே ஒரே டிசைனில் மூன்று ஷேட் கலந்திருக்கும், பிறகு ஒரு ரைல்கூடத் தேடி எடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

இனி அத்தானின் கால். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டு நடப்பார். பின்னேரம் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு வீட்டுக்குள் திரிவார். ஹோலுக்கு ரைல் எடுக்கும்போது நாங்கள் எல்லோரும் பளபளப்பைத்தான் பார்த்தோம். கண்ணாடி மாதிரி முகம் தெரியும் ரைல்தான் அழகு என்று எடுத்தோம். பதித்து ஒரு மாதத்துக்குள், வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயாத நேரம், ஊன்றுகோல் சறுக்கி விழுந்தார். கை உளுக்கியது, அதோடு தப்பினார்.

மினுக்கிய ரைல் காய்ந்திருக்கும்போது வெறுங்காலுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. தோலுக்கு ஒட்டுப்பிடி இருக்கிறது. ஊன்றுகோலின் ரப்பரும் பொய்க்காலின் பாதமும் அப்படி அல்ல. ஈரமான மினுக்குத் தரையில் ரப்பருக்கும் ரைலுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் மாட்டிக்கொள்ளும். சொரசொரப்பான தரையில் அந்தத் தண்ணீர் ஒதுங்கப் பள்ளங்கள் இருக்கும், மினுக்கில் இல்லை. பொய்க்கால்காரருக்கு இன்னொரு சிரமம், பாதம் சறுக்கத் தொடங்குவதை அவரால் உணர முடியாது. உணரும்போது உடம்பு சரிந்துவிடும்.

தொழிற்சாலைகள் இதற்கு ஒரு குறி வைத்திருக்கின்றன. ஆர் 9இல் தொடங்கி ஆர் 13 வரை போகும். எண்ணெய் பூசிய சரிவான பலகையில் சப்பாத்துப் போட்ட ஆளை நடக்கவைத்து, எவ்வளவு சரிவில் சறுக்குகிறார் என்று பார்த்துக் கொடுப்பது. ஆர் 9 ஆகக் குறைந்தது. வீட்டு விறாந்தை, குசினி போன்ற ஈரம் படும் இடங்களுக்கு ஆர் 10, தண்ணீர் நிற்கும் குளியலறைக்கும் வெளிப்படிக்கும் ஆர் 11 என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கக் கடைகளில் இதைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியாது, கட்டலோக்கைப் புரட்டினால் இருக்கும். இல்லாவிட்டால் நாங்கள் பிறகு செய்ததைச் செய்யலாம். விறாந்தைக்கு எடுக்கப் போனபோது அத்தானையும் ஊன்றுகோலையும் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று விதமான மற் ரைலைக் கடை வாசலில் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஊன்றுகோலைச் சரித்து ஊன்றித் தள்ளிப் பார்த்தார். ஒன்று கண்ணுக்கு மங்கலாக இருந்தாலும் தண்ணீரில் வழுக்கியது. மங்கலாக இருப்பதெல்லாம் பிடிப்பானது அல்ல என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

சொரசொரப்புக்கு ஒரு விலை உண்டு. எங்கள் மண் வயல் மண். மாரியில் சேற்றுக் காலோடு வந்தால் அந்தப் பள்ளங்களுக்குள் சேறு இறங்கும், தும்புத்தடியால் தேய்த்துத்தான் கழுவவேண்டும். ஆர் எண் கூடக் கூட இது கூடும். வீட்டுக்குள் முழுவதும் மிகச் சொரசொரப்பானதைப் போட்டால் கூட்டுகிறவருக்கு முதுகு முறியும். அக்கா வீட்டில் விறாந்தைக்கு ஆர் 10 போட்டார்கள். குளியலறைக்கு ஓரடி ரைல் எடுத்தார்கள். சின்ன ரைலில் இடைக்கோடுகள் கூட, அவையும் பிடிப்புக் கொடுக்கும். தண்ணீர் ஓடுவதற்குத் தரையைச் சரிக்கும்போதும் பெரிய ரைல் வளையாது, சின்னது சரிவோடு போகும். ஹோலில் இப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, ஈரத்துணியால் துடைத்து மின்விசிறியைப் போட்டுவிடுகிறார்கள். அத்தான் வழமையாகப் போகும் பாதையில், ஹோலில் இருந்து குசினி வரைக்கும், அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பு ஒன்று கிடக்கிறது. அடியில் ரப்பர் இல்லாத விரிப்பு வெறும் தரையைவிட ஆபத்து.

இரண்டாவது அறை போன மாதம் முடிந்தது. இந்தத் தடவை மேசன் வந்து அளந்து, பள்ளிக்கூடம் போகும் மகள் கட்டக் கொப்பியில் கீறினாள். 25 ரைல், ஏழு பெட்டி. ஒரே ஷேட், ஒரே கலிபர் என்று ஏழு பெட்டியின் முத்திரையையும் கடைக்குள் நின்று படம் எடுத்தோம். ஏழில் ஒன்று வேறாக இருந்தது, மாற்றித் தந்தார்கள். பதித்து முடிய மூன்று ரைல் மிஞ்சியது. தண்ணீர்க் குழாய்க்காக எப்போதாவது தரையை உடைக்கவேண்டி வந்தால் போடுவதற்கு அவை கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன, ஷேட் இலக்கம் தெரிகிற பெட்டித் துண்டோடு சேர்த்துக் கட்டி.